7 நாள்ல கட்டணுமாம், கான்டாக்ட்ஸும் கேலரியும் கட்டாயமாம்: இந்த லோன் ஆப் ஸ்க்ரீன்ஷாட்டை கொஞ்சம் பாத்து சொல்லுங்க

பெரம்பூர்_பாலா

எங்க மாமா பையன் ஃபுட் டெலிவரி ஓட்டுறான், வண்டி இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் 4,000 கேட்டிருக்கார், வண்டி இல்லைன்னா அன்னிக்கு சம்பாத்தியமும் இல்ல. வாட்ஸ்ஆப்ல யாரோ அனுப்புன லிங்க்ல ஒரு லோன் ஆப் இறக்கிட்டு "அண்ணா இது ஓகேவா"ன்னு எனக்கு ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் போட்டான். ஆப் பேரை மறைச்சிட்டேன், மத்ததை அப்படியே எழுதுறேன்.

முதல் படம்: "கடன் பெற கீழ்க்கண்ட அனுமதிகள் கட்டாயம்"னு போட்டு கான்டாக்ட்ஸ், கேலரி, எஸ்எம்எஸ், கேமரா, லொகேஷன். கீழ "அனைத்துக்கும் சம்மதம்"னு ஒரே பட்டன். வேணாம்னு சொல்ல பட்டனே இல்ல.

ரெண்டாவது படம்: கடன் 6,000. சேவைக் கட்டணம் 1,900. ஜிஎஸ்டி 342. கைக்கு வர்றது 3,758. வட்டி ஒரு நாளைக்கு 0.1%, வருஷ வட்டி 36%. அதுக்குக் கீழ பெரிய எழுத்துல "7வது நாள் கட்ட வேண்டியது 5,892". மேல பச்சை கலர்ல "ஆர்பிஐ பதிவு பெற்ற நிறுவனத்துடன் இணைந்தது"ன்னு ஒரு பட்டை, எந்த நிறுவனம்னு பேரும் இருக்கு.

ஆர்பிஐன்னு போட்டிருக்கே, அதான் குழப்பம். இன்னும் எதையும் அழுத்தலன்னு சொல்றான்.

தாம்பரம்_லோக்கல்

ஃப்ராடு ப்ரோ, சந்தேகமே வேணாம். 60 நாளுக்குள்ள திருப்பி கட்டுற லோனை ஆர்பிஐ தடை பண்ணி பல வருஷம் ஆச்சு. 7 நாள்னு பாத்தவுடனே டெலிட் பண்ண சொல்லுங்க.

மைலாப்பூர்_மாமா

எல்லாத்துக்கும் பயந்தா எப்படி. ஆதார் போட்டோ, சம்பள சீட்டு எல்லாம் அப்லோடு பண்ணணும்னா கேலரி பர்மிஷன் கேக்கத்தான் செய்யும். என் பேங்க் ஆப்பே செக் போட்டோ எடுக்க கேமரா கேட்டுது. பையன் ஒழுங்கா கட்டுவானா மாட்டானான்னு பாருங்கோ, அதுதான் விஷயம்.

லெட்ஜர்_ராணி

மாமா, நீங்க சொல்றது கேமரா, பாலா கேட்டது கேலரியும் கான்டாக்ட்ஸும். ரெண்டும் ஒண்ணு இல்ல. நான் கிண்டியில ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில கம்ப்ளையன்ஸ் பாத்தவ, இந்த விதிகளோட மாரடிச்சிருக்கேன். 2022 செப்டம்பர் 2 தேதியிட்ட ஆர்பிஐ டிஜிட்டல் லெண்டிங் வழிகாட்டுதலும் சரி, அதையெல்லாம் சேர்த்து 2025 மே 8 வந்த டைரக்ஷன்ஸும் சரி, ஒரே விஷயத்தை சொல்லுது: கடன் ஆப் போன்ல இருக்குற ஃபைல், மீடியா, கான்டாக்ட் லிஸ்ட், கால் லாக் இதையெல்லாம் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் மாதிரி கேஒய்சிக்கு தேவையானதை மட்டும் ஒரு தடவை கேக்கலாம், அதுக்கும் தனியா சம்மதம் வாங்கணும். அதனால இந்த லிஸ்ட்ல கேமராவும் லொகேஷனும் இருக்குறது பெரிய விஷயம் இல்ல, கான்டாக்ட்ஸும் கேலரியும் "கட்டாயம்"னு இருக்குறது தான் விஷயம். வாடிக்கையாளர் சம்மதிச்சுட்டார்னு சொல்லி அந்த ரெண்டையும் நியாயப்படுத்த முடியாது, சம்மதம் வாங்கினாலும் தொடக்கூடாதுன்னு தான் விதி.

தாம்பரம் தம்பி, முடிவு சரி, காரணம் சரியில்ல. 60 நாள் கணக்கு ஆர்பிஐயோடது இல்ல, கூகுள் பிளே ஸ்டோரோட பாலிசி. கடன் குடுத்த தேதியில இருந்து 60 நாள் இல்ல அதுக்கும் கம்மியா முழு பணத்தையும் கேக்குற பர்சனல் லோன் ஆப்பை அவங்க ஸ்டோர்ல வைக்க மாட்டாங்க. ஆர்பிஐ குறைஞ்ச நாள் கடனை தடை பண்ணல. அதனால "7 நாள், அதான் ஃப்ராடு"ன்னு மட்டும் சொன்னா நாளைக்கு ஒரு ஆப் 90 நாள்னு எழுதிட்டு வரும், அப்ப ஏமாந்துருவோம்.

தாம்பரம்_லோக்கல்

யார் போட்ட ரூல்னா என்னக்கா, 7 நாள்னா ஆப்பு தானே. ரிசல்ட் ஒண்ணுதான்.

ரூட்_யூசர்

ராணி அக்கா சொன்ன 90 நாள் மேட்டர்ல ஒரு கேள்வி. பாலா, ரெண்டாவது படத்துல 5,892 பக்கத்துல சின்னதா ஏதாவது எண் இருக்கா? 1/4 மாதிரி?

பெரம்பூர்_பாலா

அட ஆமா ப்ரோ, ஜூம் பண்ணி பாத்தா சாம்பல் கலர்ல 1/4னு இருக்கு. அவனை அதை அழுத்தி பாக்க சொன்னேன், மிச்சம் மூணு தவணை தலா 50 ரூபாயாம், கடைசி தவணை 91வது நாள். இது என்ன கூத்து?

ரூட்_யூசர்

கூத்து இல்ல, கணக்கு. கேட்டா "எங்க கடன் காலம் 91 நாள்"னு சொல்லலாம், பேப்பர்ல அது பொய்யும் இல்ல, ஏன்னா கடைசி 50 ரூபா 91வது நாள் தானே வருது. ஆனா மொத்த பணத்துல கிட்டத்தட்ட எல்லாமே முதல் வாரத்துலயே போயிருது. அதனால ஸ்க்ரீன்ஷாட்ல கடன் காலம்னு எழுதியிருக்குறதை நம்பாத, முதல் தவணை எவ்ளோ, என்னிக்கு, அதை மட்டும் பாரு. ஒழுங்கான நாலு தவணைன்னா நாலும் ஏறக்குறைய சமமா இருக்கும்.

இன்னொண்ணு, அந்த முதல் படம் ஆண்ட்ராய்டு காட்டுற பர்மிஷன் பெட்டி இல்ல, ஆப்போட சொந்த ஸ்க்ரீன். ஆண்ட்ராய்டு பெட்டி ஒவ்வொண்ணா வரும், ஒவ்வொண்ணுலயும் வேணாம்னு சொல்ற பட்டன் கண்டிப்பா இருக்கும், புது வெர்ஷன்ல கேலரிக்கு "குறிப்பிட்ட போட்டோ மட்டும்"னு கூட ஒரு ஆப்ஷன் வரும். இந்த சொந்த ஸ்க்ரீன் எதுக்குன்னா, பின்னாடி பெட்டி பெட்டியா வரும்போது யோசிக்காம தட தடன்னு அலோ அலோன்னு அழுத்த வைக்கத்தான். மாமா கேட்ட மாதிரி ஒரே ஒரு ஆதார் போட்டோ வேணும்னா ஆப் போட்டோ பிக்கரை திறந்தா போதும், முழு கேலரிக்கு பர்மிஷன் தேவையே இல்ல. ரெஃபரன்ஸுக்கு ஒரு நம்பர் வேணும்னாலும் அப்படித்தான், கான்டாக்ட் பிக்கர்ல ஒரு ஆளை மட்டும் எடுத்துக் குடுக்கலாம். முழு லிஸ்ட் கேக்குறவனுக்கு ரெஃபரன்ஸ் வேணாம், லிஸ்ட் தான் வேணும்.

2023 மே 31ல இருந்து பிளே ஸ்டோர்ல பர்சனல் லோன் ஆப் `READ_CONTACTS`, `READ_MEDIA_IMAGES` ரெண்டையும் கேக்கவே கூடாதுன்னு கூகுள் சொல்லிருச்சு. அதான் இவனுங்க வாட்ஸ்ஆப் லிங்க்ல, ஸ்டோருக்கு வெளிய இன்ஸ்டால் பண்ற ஏபிகே ஃபைலை அனுப்புறானுங்க, அங்க அந்த ரூல் செல்லாது. பாலா, உங்க ஆளுக்கு வந்தது பிளே ஸ்டோர் லிங்க்கா ஏபிகேவா?

பெரம்பூர்_பாலா

ஏபிகே தான். "தெரியாத ஆப்பை அனுமதி"ன்னு ஒரு செட்டிங் ஆன் பண்ண சொல்லிச்சாம்.

காசிமேடு_கபாலி

வட்டியை யாரும் போட்டு பாக்கலயா? எங்க அப்பா மார்க்கெட்ல தண்டல் விட்ட ஆளு, இந்த ஏரியாவுல பொறந்தவனுக்கு கணக்கு தானா வரும்.

கையில வர்றது 3,758. ஏழாம் நாள் கட்டுறது 5,892. வித்தியாசம் 2,134. அதாவது 100 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்கு சுமார் 57 ரூபா. 57ஐ 52 வாரத்தால பெருக்குனா வருஷத்துக்கு 2,900 சதவீதத்துக்கு மேல போவுது. அவன் ஸ்க்ரீன்ல போட்டிருக்குறது 36. எப்படின்னா வட்டி வெறும் 0.1%னு வெச்சுட்டு, மீதி எல்லாத்தையும் "சேவைக் கட்டணம்"னு முன்னாடியே புடிச்சிட்டான், புடிச்ச காசுக்கும் சேர்த்து உன்கிட்ட வட்டி வாங்குறான்.

எங்க ஏரியா தண்டல்ல 10,000 எழுதிட்டு 8,500 குடுப்பாங்க, நூறு நாள் நூறு நூறா கட்டணும். அதுவே தப்புன்னு 2003லயே கந்துவட்டி தடைச் சட்டம் வந்திருச்சு, மீட்டர் வட்டி தண்டல் எல்லாம் அதுல பேர் போட்டே இருக்கு. ஆனா அந்த தண்டல்காரன் கூட நூறு நாள் டைம் குடுக்குறான், 7 நாள்ல மொத்தத்தையும் கேக்கல.

லெட்ஜர்_ராணி

கபாலி அண்ணே சரியா போட்டீங்க. அந்த 36%ல தான் மாட்டுது. விதிப்படி வருஷச் செலவுன்னு காட்டுறதுல சேவைக் கட்டணமும் சேரணும், அதை முக்கிய விவரத் தாள்னு ஒண்ணுல கையெழுத்துக்கு முன்னாடியே குடுக்கணும். ஸ்க்ரீன்லயே கட்டணம் ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம்னு பிரிச்சு காட்டினா கண்டுபுடிக்க கஷ்டப்பட வேணாம், கபாலி அண்ணன் மாதிரி கைக்கு வர்றதையும் கட்டுறதையும் மட்டும் எடுத்து போட்டுப் பாத்தா போதும்.

ஏன் 7 நாள்னு எல்லாரும் கேப்பாங்க. கட்டுறதுக்காக வெக்கிற கெடு இல்ல அது, கட்ட முடியாம போறதுக்காக வெக்கிற கெடு. மாசச் சம்பளக்காரனுக்கு 7 நாள்ல அடுத்த சம்பளம் வராது, அப்போ "1,500 குடு, இன்னும் 7 நாள் தர்றோம்"னு நீட்டிப்பு கேப்பானுங்க, அது அசல்ல ஒரு பைசா குறையாது. இல்லைன்னா அடுத்த ஆப்ல எடுத்து இதை கட்ட வெப்பானுங்க, பல நேரம் ரெண்டு ஆப்புக்கும் பின்னாடி ஒரே கும்பல். அடமானம் இல்லாத கடனுக்கு அவனுக்கு தேவையான அடமானம் தான் கான்டாக்ட்ஸும் கேலரியும். "அப்பா", "மேனேஜர்", "அண்ணி"ன்னு பேர் போட்டு சேவ் பண்ணியிருக்குற லிஸ்ட், வீட்டு போட்டோ. அதை வெச்சு மார்பிங் பண்ணி அனுப்புறது தான் அவனோட வசூல் முறை. அதனால பர்மிஷன் தனி, கெடு தனின்னு பாக்காதீங்க, ரெண்டும் சேர்ந்து தான் வேலை செய்யுது.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

அக்கா ஒரு டவுட். நான் யூஸ் பண்ற லோன் ஆப் பெரிய கம்பெனி, பேங்க் லோன் மாதிரி மாசத் தவணை, ஒழுங்கா போயிட்டு இருக்கு, ஆனா ஆரம்பத்துல எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டுது. கான்டாக்ட்ஸ் கேக்கல. அப்போ அதுவும் ஃப்ராடா? சம்பளம் வர்ற மெசேஜ் பாக்கணும்னு சொன்னாங்க.

லெட்ஜர்_ராணி

எஸ்எம்எஸ் ஒரு சாம்பல் ஏரியா தான். விதியில பேர் சொல்லி இருக்குறது ஃபைல், மீடியா, கான்டாக்ட், கால் லாக், டெலிஃபோனி, அப்புறம் "முதலியவை"ன்னு முடியும். அந்த "முதலியவை"க்குள்ள எஸ்எம்எஸ் வருதான்னு எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி. நான் வரும்ங்கற கட்சி. கேட்டா குடுக்க வேணாம், பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் தர்றேன்னு சொல்லிப் பாருங்க.

ரூட்_யூசர்

நான் இதுல ஒத்துக்கல. எஸ்எம்எஸ் பாத்து தான் பல நல்ல ஆப்பும் சம்பளத்தை கணிக்குது, பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா பாதி பேர் விட்டுட்டு போயிருவாங்க. எஸ்எம்எஸ் ஒண்ணை மட்டும் வெச்சு ஒரு ஆப்பை கெட்டவன்னு சொல்ல முடியாது. ஓடிபி படிக்கிறான்னு பயம் இருக்கு, அது வேற விவாதம்.

சைதை_செல்வி

எங்க நாத்தனாருக்கு நடந்ததை சொல்றேன், அவங்க லோன் வேணும்னு அழுத்தவே இல்ல. ஆப்ல லிமிட் எவ்ளோன்னு பாக்க ஆதார், பான், பேங்க் நம்பர் குடுத்தாங்க, பர்மிஷன் எல்லாம் அலோ பண்ணிட்டாங்க, கொஞ்ச நேரத்துல அக்கவுண்ட்ல 2,100 வந்து விழுந்துது. அஞ்சாவது நாளே போன், 3,500 கட்டுன்னு. கட்டினாங்க. கட்டின அப்புறமும் "சிஸ்டத்துல அப்டேட் ஆகல"ன்னு மறுபடி கேட்டு, அப்புறம் அவங்க வேலை செய்யற கடை ஓனருக்கே போட்டோ அனுப்பிட்டான். அந்த பொண்ணு ஒரு மாசம் வெளிய வரல. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930ல சொன்னோம், புகார் நம்பர் குடுத்தாங்க, அப்புறம் இன்னும் ஒண்ணும் தெரியல. பாலா, உங்க பையன் ஆதார் பேங்க் நம்பர் எல்லாம் குடுத்துட்டானான்னு முதல்ல கேளுங்க, "அழுத்தல"ன்னு சொல்றதை நம்பாதீங்க.

லெட்ஜர்_ராணி

செல்வி, அந்த 2,100 யார் பேர்ல இருந்து வந்துச்சுன்னு பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கா? அதுதான் பெரிய ஆதாரம். ஒழுங்கான கடன்னா பேங்க் இல்ல ஆர்பிஐ பதிவு பெற்ற கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து நேரா உங்க அக்கவுண்டுக்கு வரணும், கட்டுறதும் நேரா அந்த கம்பெனி அக்கவுண்டுக்கே போகணும், நடுவுல ஆப்காரன் கையில பணம் நிக்கக்கூடாது.

சைதை_செல்வி

ஏதோ டிரேடர்ஸ்னு ஒரு பேரு. கட்டினது எல்லாம் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளோட யுபிஐ ஐடி.

லெட்ஜர்_ராணி

போதும். டிரேடர்ஸ் கடன் குடுக்காது. பணம் வந்தது போனதுக்கு ஒவ்வொண்ணுக்கும் பேங்க்ல இருக்குற யுடிஆர் நம்பர், யுபிஐ ஐடி எல்லாத்தையும் cybercrime.gov.in புகார்ல சேர்த்து போடுங்க, 1930ல வாயால சொன்னது மட்டும் பத்தாது. இன்னொண்ணு, நாத்தனாருக்கு சிபில் கெட்டுடும்னு பயம் காட்டியிருப்பான். பதிவு இல்லாத கும்பலால சிபில்ல எதையும் ஏத்த முடியாது. ஆனா பின்னாடி நிஜமான கம்பெனி ஒண்ணு இருந்தா கட்டாயம் ஏத்துவாங்க, 7 நாள் கடனா இருந்தாலும் ஏத்தணும்னு விதி. அதனால தான் யார் கடன் குடுக்குறான்னு கண்டுபுடிக்கிறது முக்கியம்.

மைலாப்பூர்_மாமா

கடன் வாங்கினா அசலையாவது திருப்பி குடுக்கணும், அது தர்மம். 3,758 வாங்கிட்டு புகார் குடுத்தேன் கட்ட மாட்டேன்னா எப்படி?

காசிமேடு_கபாலி

மாமா யாரு கட்ட மாட்டேன்னு சொன்னா? யாருக்கு கட்டுறதுன்னு தான் கேள்வி. தினம் ஒரு யுபிஐ ஐடி வர்றான், எவனுக்கு குடுத்தா அசல் தீரும்?

மைலாப்பூர்_மாமா

அது போலீஸ்ல கேக்கணும். நான் சொன்னது பொதுவா.

பெரம்பூர்_பாலா

செல்வி அக்கா சொன்னதை வெச்சு நேர்ல போய் உக்காந்து கேட்டேன். பான், ஆதார் போடல, பேங்க் நம்பரும் போடல. ஆனா கான்டாக்ட்ஸுக்கு மட்டும் அலோ அழுத்திட்டானாம், கேலரி பெட்டி வந்தப்ப தான் பயந்து எனக்கு அனுப்பியிருக்கான். பர்மிஷனை ஆஃப் பண்ணிட்டேன். இது போதுமா? ஆப்பை தூக்கிரட்டா?

ரூட்_யூசர்

ஆஃப் பண்ணது நல்லது, இனிமே சேர்க்குற நம்பர் போகாது. ஆனா அலோ அழுத்தின சில வினாடியிலயே முழு லிஸ்டும் அவன் சர்வருக்கு போயிருக்கலாம், அதை திரும்ப எடுக்க வழி இல்ல, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணாலும் அங்க இருக்குறது அங்கேயே தான். தூக்குறதுக்கு முன்னாடி ஆப் பேரு, அந்த வாட்ஸ்ஆப் மெசேஜ், லிங்க், அனுப்புன நம்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. டவுன்லோடு ஃபோல்டர்ல இருக்குற ஏபிகே ஃபைலை அழிக்காத, திறக்கவும் வேணாம். அப்புறம் அந்த "தெரியாத ஆப்பை அனுமதி" செட்டிங்கையும் ஆஃப் பண்ணு, அதை எல்லாரும் மறந்துருவாங்க.

தாம்பரம்_லோக்கல்

கான்டாக்ட்ல இருக்குற எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டுறலாமே ப்ரோ, "என் பேர்ல ஏதாவது வந்தா நம்பாதீங்க"ன்னு.

சைதை_செல்வி

பணமே வாங்கலயே, எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்? நாங்க அப்படி போட்டு, யாருக்கும் தெரியாத விஷயத்தை நாங்களே பரப்பின மாதிரி ஆயிருச்சு. வீட்டு ஆளுங்க, ஓனர், ரெண்டு மூணு பேருக்கு மட்டும் வாயால சொல்லி வெச்சா போதும்னு எனக்கு தோணுது.

தாம்பரம்_லோக்கல்

எனக்கு என்னமோ முன்கூட்டியே போடுறது தான் சேஃப். அவனுங்க முதல்ல அனுப்பிட்டா யார் நம்புவாங்க.

பெரம்பூர்_பாலா

அம்மாவுக்கும் டீம் லீடருக்கும் மட்டும் சொல்லிட்டான். இன்னொரு கேள்வி ராணி அக்கா, அந்த பச்சை பட்டையில இருந்த கம்பெனி பேரை ஆர்பிஐ வெப்சைட்ல தேடினேன், நிஜமாவே பதிவு பெற்ற கம்பெனியா இருக்கு! அப்ப என்ன அர்த்தம்?

லெட்ஜர்_ராணி

கம்பெனி நிஜம்னா ஆப் நிஜம்னு அர்த்தம் இல்ல. யாரோட பேரையும் யாரும் ஸ்க்ரீன்ல எழுதிக்கலாம், அதுக்கு கம்பெனி சம்மதம் கூட தேவையில்ல. ரெண்டாவது படி ஒண்ணு இருக்கு: அந்த கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போய், எங்களுக்காக இந்த இந்த ஆப் வேலை செய்யுதுன்னு போட்டிருக்குற லிஸ்ட்ல இந்த ஆப் இருக்கான்னு பாருங்க, அதை போடுறது அவங்களுக்கு கட்டாயம். 2025 ஜூலை 1ல இருந்து ஆர்பிஐ வெப்சைட்லயும் எல்லா டிஜிட்டல் லெண்டிங் ஆப்போட லிஸ்டும் இருக்கு. ஆனா அதுல ஒரு சங்கதி, கம்பெனிகள் அனுப்புறதை அப்படியே தான் ஆர்பிஐ போடுது, ஆர்பிஐ சரிபார்த்து சர்டிஃபிகேட் குடுத்த லிஸ்ட்னு நினைச்சுக்காதீங்க. லிஸ்ட்ல இல்லைன்னா விலகிருங்க. லிஸ்ட்ல இருந்தாலும் பர்மிஷன், கைக்கு வர்ற தொகை, முதல் தவணை மூணையும் தனியா பாத்தே ஆகணும்.

பெரம்பூர்_பாலா

பாத்தேன். கம்பெனி சைட்ல அந்த லிஸ்ட் இருக்கு, அதுல ஒரு ஆப் பேரு நம்ம பையனுக்கு வந்த ஆப் பேரு மாதிரியே இருக்கு, ஒரு எழுத்து தான் வித்தியாசம், லோகோவும் அதே நீலம். பிளே ஸ்டோர்ல அந்த ஆப்பை திறந்து பாத்தா கான்டாக்ட்ஸும் கேக்கல, கேலரியும் கேக்கல. வாட்ஸ்ஆப்ல வந்தது அதோட காப்பியா, இல்ல அதே ஆளுங்க ரெண்டு கடை போட்டிருக்காங்களா?

காசிமேடு_கபாலி

காப்பி தான். ஒரு எழுத்து மாத்துறது பழைய டெக்னிக். 2021 ஜனவரியில நம்ம சென்னை மத்திய குற்றப்பிரிவு பெங்களூர்ல ரெண்டு சீனாக்காரனுங்களையும் இன்னும் ரெண்டு பேரையும் புடிச்சாங்களே, அப்பவே இவனுங்க ஒரே ஆளு பல பேர்ல ஆப் விடுறது எல்லாம் வெளிய வந்துச்சு.

ரூட்_யூசர்

காப்பின்னு இப்பவே சொல்ல முடியாது. ஸ்டோர்ல நல்ல பிள்ளை, வாட்ஸ்ஆப்ல வேற பிள்ளைன்னு ஒரே ஆளு நடத்துறதும் நடக்கும். ஏபிகேயோட சைனிங் சர்டிஃபிகேட்டை, அதாவது ஆப் செஞ்சவன் போடுற டிஜிட்டல் முத்திரையை, ஸ்டோர் ஆப்போட ஒப்பிட்டா ஓரளவு தெரியும். ஒத்துப் போச்சுன்னா ஒரே ஆளு. ஒத்துப் போகலன்னா மட்டும் ஒண்ணும் நிரூபணம் ஆகாது.

லெட்ஜர்_ராணி

அதை நீங்க கண்டுபுடிக்க வேணாம் பாலா, அந்த கம்பெனியை சொல்ல வைங்க. அவங்க சைட்ல குறைதீர் அதிகாரி பேரும் மெயிலும் இருக்கும். ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டும் ஏபிகே லிங்க்கும் வெச்சு "இது உங்க ஆப்பா, ஆமா இல்ல சொல்லுங்க"ன்னு ஒரு வரி போடுங்க. இல்லைன்னு வந்தா அந்த மெயிலையே சேர்த்து sachet.rbi.org.inல புகார் போடலாம். ஆமான்னு வந்தா இன்னும் பெரிய கதை, அப்ப அந்த கம்பெனி மேலயே ஆர்பிஐக்கு போகலாம்.

காசிமேடு_கபாலி

அது கிடக்கட்டும், வண்டி என்னாச்சு?

பெரம்பூர்_பாலா

மெக்கானிக் கிட்ட நான் பேசினேன், பாதி இப்ப மீதி மாசக் கடைசின்னு ஒத்துக்கிட்டார், வண்டி நாளைக்கு வந்துரும். மெயில் போட்டாச்சு அக்கா, "48 மணி நேரத்துக்குள் பதில்"னு ஆட்டோ ரிப்ளை மட்டும் வந்திருக்கு. நேத்து ராத்திரில இருந்து தெரியாத நம்பர்ல ரெண்டு கால் அவனுக்கு, எடுக்கல. அது இவனுங்களா இல்ல கிரெடிட் கார்டு விக்கிறவங்களான்னு தெரியல.

ரூட்_யூசர்

நம்பரை நோட் பண்ணி வை. எடுக்க வேணாம். மெயிலுக்கு பதில் வந்தா இங்க போடு.